கம்யூடேஷன்: 40 விழுக்காட்டையும் எடுப்பதா, கொஞ்சம் எடுப்பதா, வேண்டவே வேண்டாமா?

தாம்பரத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 33 ஆண்டுகள் பணியாற்றி, 60 வயது நிறைந்து, 2025 நவம்பர் 30 அன்று ஓய்வு பெறுகிறேன். கடைசி அடிப்படை ஊதியம் ரூ. 70,000, ஆகவே ஓய்வூதியம் ரூ. 35,000. அலுவலகத்தில் கொடுத்த படிவங்களில் ஒன்றில், ஓய்வூதியத்தில் எத்தனை விழுக்காட்டைக் கம்யூடேஷனாக, அதாவது மாதாமாதம் வாங்காமல் முன்கூட்டியே மொத்தமாகத் தொகுத்துப் பெற விரும்புகிறேன் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் பிரிவில் எல்லோரும் யோசிக்காமல் 40 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

40 என்று எழுதினால் கையில் எவ்வளவு வரும், மாதம் எவ்வளவு மிஞ்சும், இது இலாபமா நட்டமா என்பதைக் கணக்கோடு சொல்ல முடிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பணிக்கொடை சுமார் 18 லட்சம் வரும். மகள் திருமணத்திற்கு வாங்கிய தனிநபர் கடனில் 13 விழுக்காடு வட்டியில் இன்னும் 5 லட்சம் பாக்கி இருக்கிறது. பணிக்கொடையை மகன் வீட்டுக்கு முன்பணமாகத் தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

---

நெல்லைவாசி எழுதியது:

ஐயா, முதலில் ஒரு திருத்தம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொகுத்துப் பெற முடியாது. நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்; எனக்கு மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள்.

இரண்டாவது, இது முழு நட்டம். கொடுத்த பணத்தை எட்டு ஆண்டு இரண்டு மாதத்தில் நம்மிடமிருந்து பிடித்து முடித்துவிடுவார்கள். ஆனால் பிடித்தம் 15 ஆண்டுகள் நடக்கும். மீதி ஏழு ஆண்டுப் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. பிடித்தம் செய்த தொகைக்கு அகவிலை நிவாரணமும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

செந்தூரன், கோவை எழுதியது:

எனக்கும் இதே அனுபவம் உண்டு. தனியார் ஆலையில் வேலை பார்த்து, வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் 1995 ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து வாங்கினேன். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் குறைந்த ஓய்வூதியமே வந்தது. 2020 பிப்ரவரியில் அறிவிக்கை வந்த பிறகுதான் 15 ஆண்டு முடிந்தவர்களுக்கு முழு ஓய்வூதியம் திரும்பக் கிடைத்தது. தாம்பரத்தார் இப்போது விண்ணப்பித்தால் தரமாட்டார்கள். அந்த வசதியையே 2008 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

---

கணக்குப் பிரிவு அம்மா எழுதியது:

மூன்று திட்டங்கள் ஒன்றாகக் கலந்து கிடப்பதால் முதலில் அவற்றைப் பிரித்துவிடுகிறேன். நான் ஓய்வூதியப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கோப்புகளையே பார்த்து ஓய்வு பெற்றவள்.

செந்தூரன் ஐயா சொல்வது தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றியது. அவர் சொன்னது அங்கே சரி. கேட்டவர் அந்தத் திட்டத்தில் இல்லை. நெல்லைவாசி ஐயா சொன்ன மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாடு அரசின் வரம்பு. கேட்டவருக்குப் பொருந்துவது மத்திய அரசின் 1981 ஆம் ஆண்டு கம்யூடேஷன் விதிகள். அவற்றின்படி அடிப்படை ஓய்வூதியத்தில் 40 விழுக்காடு வரை எடுக்கலாம். "வரை" என்பதை அழுத்திச் சொல்கிறேன். 40 என்பது மேல் எல்லை, கட்டாயம் அன்று.

இப்போது கணக்கு. ஓய்வு பெற்ற மறுநாளுக்கு அடுத்து வரும் பிறந்தநாளில் என்ன வயது ஆகுமோ, அதற்கு உரிய பெருக்கெண்ணை அட்டவணையில் பார்க்க வேண்டும். 60 இல் ஓய்வு பெறுபவருக்கு அடுத்த பிறந்தநாளில் 61. அதற்குரிய எண் 8.194.

```
35,000 × 40% = 14,000
14,000 × 12 × 8.194 = 13,76,592
35,000 − 14,000 = 21,000
```

ஆக, ரூ. 13,76,592 கையில் வரும். அதற்கு வருமான வரி இல்லை. அடிப்படை ஓய்வூதியம் ரூ. 21,000 ஆகக் குறையும். ஆனால் அகவிலை நிவாரணம் குறைந்த 21,000 மீது கணக்கிடப்படுவதில்லை, முழு 35,000 மீதுதான் கணக்கிடப்படும். நெல்லைவாசி ஐயா இந்த இடத்தில் தவறிவிட்டார். 2025 ஜூலை நிலவரப்படியான 58 விழுக்காட்டில் நிவாரணம் ரூ. 20,300. இரண்டையும் கூட்டினால் மாதம் ரூ. 41,300. ஒன்றுமே தொகுக்காமல் இருந்தால் ரூ. 55,300 வரும். வித்தியாசம் சரியாக 14,000. அதற்கு மேல் ஒரு ரூபாயும் குறையக் கூடாது.

கூடாது என்று நான் எழுதக் காரணம் இருக்கிறது. குறைந்த அடிப்படைத் தொகையின் மீது நிவாரணம் கணக்கிட்ட கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் உங்களுக்கு நிவாரணம் ரூ. 12,180 தான் வரும்; மாதம் ரூ. 8,120 ஓசையின்றிப் போய்விடும். முதல் மாத ஓய்வூதியச் சீட்டு வந்தவுடன் நிவாரணத் தொகையை மட்டும் எடுத்து 35,000 ஆல் வகுத்துப் பாருங்கள். விடை அப்போது நடப்பில் உள்ள விழுக்காடாக வர வேண்டும்.

---

நெல்லைவாசி எழுதியது:

அகவிலை நிவாரணம் பற்றி நான் சொன்னது தவறு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எட்டு ஆண்டு இரண்டு மாதக் கணக்கு தவறில்லையே? 8.194 ஐ 12 ஆல் பெருக்கினால் 98 மாதம் சொச்சம். மாதம் 14,000 வீதம் 180 மாதத்தில் 25,20,000 பிடிக்கிறார்கள். கொடுத்தது 13,76,592. மீதி ரூ. 11,43,408 அரசுக்கு இலாபம். இதற்குப் பெயர் என்ன?

---

கணக்குப் பிரிவு அம்மா எழுதியது:

பெயர் வட்டி, ஐயா. நீங்கள் போட்ட பெருக்கலும் கழித்தலும் சரி. ஆனால் இன்று மொத்தமாகக் கையில் வாங்கும் பணத்தையும் பத்தாவது ஆண்டில் மாதாமாதம் விட்டுக்கொடுக்கும் பணத்தையும் ஒரே விலையில் வைத்துப் பார்க்கிறீர்கள். வங்கியில் 15 ஆண்டுத் தவணையில் வீட்டுக் கடன் வாங்கியவர் மொத்தமாகக் கட்டியதைக் கூட்டிப் பார்த்தாலும் இப்படித்தான் மலைப்பாக இருக்கும்.

இதையும் ஒரு கடனாகவே பாருங்கள். 13,76,592 ரூபாயை வாங்கி, மாதம் 14,000 வீதம் 180 தவணை கட்டினால் அந்தக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 9 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. 15 ஆண்டும் உயிரோடு இருப்பவருக்கு இதுதான் உண்மையான விலை. நடுவில் இறந்துவிட்டால் மீதித் தவணையை யாரும் கட்ட வேண்டியதில்லை. எட்டாம் ஆண்டில் காலமானவருக்கு அது வட்டியில்லாக் கடனாக முடிகிறது. மூன்றாம் ஆண்டில் காலமானவர் குடும்பத்திடம் பெரும்பகுதித் தொகை அப்படியே தங்கிவிடுகிறது. குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தை வைத்துத் தனியாகக் கணக்கிடப்படுவதால் கம்யூடேஷன் அதைத் தொடுவதே இல்லை.

வரிச் சலுகை என்று பலரும் சொல்வார்கள். தொகுத்த தொகைக்கு வரியில்லை, குறைந்த ஓய்வூதியத்துக்கு மட்டுமே வரி என்பது உண்மை. 20 விழுக்காடு வரி கட்டுபவருக்கு மாதம் 14,000 குறைந்தால் கையில் குறைவது 11,200 தான். அவருக்கு அந்தக் கடனின் விலை ஐந்தரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு 40 என்று எழுதலாம். ஆனால் தாம்பரத்தாருக்கு ஓய்வூதியம் முழுதாக வந்தாலும் ஆண்டுக்கு 6,63,600 தான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால், வேறு பெரிய வருமானம் இல்லாதவரை அவர் எப்படியும் வரி கட்டப்போவதில்லை. இல்லாத வரியைச் சேமிக்க முடியாது. உயர் அதிகாரிகளுக்குப் பொருந்தும் கணக்கை எழுத்தர்கள் அப்படியே கேட்டு நடப்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

---

வளர்மதி எழுதியது:

நான் கணக்குத் தெரிந்து எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். என் கணவர் 40 விழுக்காடு எடுத்தார். அந்தப் பணத்தில்தான் கூரையை மாற்றி மாடி கட்டினோம். நான்காவது ஆண்டில் மாரடைப்பில் காலமானார். எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கியபோது, வங்கி அதிலும் கம்யூடேஷன் பிடித்தத்தைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. அவர் வாங்கிய கடன், நான்தான் கட்ட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஏழு மாதம் கழித்து, என் தங்கை வீட்டுக்காரர் பாஸ்புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். எழுதிக் கொடுத்த பிறகு முழுவதையும் திருப்பிக் கொடுத்தார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதவில்லை, அது போகட்டும்.

தாம்பரத்தார் தம் மனைவியிடம் இந்த ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குடும்ப ஓய்வூதியச் சீட்டில் கம்யூடேஷன் என்ற தலைப்பின் கீழ் எந்தத் தொகையும் இருக்கக் கூடாது.

---

2010 ஓய்வூதியர் எழுதியது:

வளர்மதி அம்மா சொன்னது போல, பிடித்தம் நிற்க வேண்டிய இன்னொரு இடமும் இருக்கிறது. நான் 2010 மே 31 அன்று ஓய்வு பெற்றேன். ஓய்வூதியம் ரூ. 9,000, அதில் 3,600 ஐத் தொகுத்து 3,53,981 வாங்கினேன். 2016 இல் ஏழாவது ஊதியக்குழு வந்து ஓய்வூதியம் 2.57 மடங்காகி ரூ. 23,130 ஆனது. ஆனால் பிடித்தம் அதே 3,600 தான். முதல் நாளில் என் ஓய்வூதியத்தில் பத்தில் நான்கு பங்காக இருந்த பிடித்தம், பிறகு ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அகவிலை நிவாரணத்தையும் சேர்த்துப் பார்த்தால் கடைசி ஆண்டுகளில் அதை நான் கவனித்ததே இல்லை. நட்டக் கணக்குப் போடுபவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

2025 ஜூன் முதல் தேதியோடு என் 15 ஆண்டு முடிந்தது. ஜூன் மாத ஓய்வூதியத்தில் 3,600 திரும்ப வந்திருக்க வேண்டும், வரவில்லை. கிளைக்குப் போனால், "உங்களுக்குக் கம்யூடேஷன் பணம் வரவான தேதி எங்கள் கணினியில் இல்லை" என்றார்கள். ஓய்வூதிய ஆணையின் நகலையும், பணம் வரவு வைக்கப்பட்ட பழைய பாஸ்புத்தகப் பக்கத்தையும் கொடுத்தேன். ஆகஸ்டில் நிலுவையோடு சரியானது. பதினைந்து ஆண்டு பழைய பாஸ்புத்தகத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்காக என் மனைவிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

---

கணக்குப் பிரிவு அம்மா எழுதியது:

2010 ஐயா சொன்னதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 15 ஆண்டு ஓய்வு பெற்ற தேதியிலிருந்து எண்ணப்படுவதில்லை, ஓய்வூதியம் குறையத் தொடங்கிய தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. அவருக்கு இரண்டும் அடுத்தடுத்த நாளாக அமைந்துவிட்டன. சிலர் ஓய்வு பெற்றுச் சில மாதம் கழித்து விண்ணப்பிப்பார்கள். அவர்களுக்குக் குறைவும் பிந்தித் தொடங்கும், மீட்பும் பிந்தித்தான் வரும். ஓராண்டுக்கு மேல் தள்ளிப் போட்டால் மருத்துவப் பரிசோதனையும் சேர்ந்துகொள்ளும். உடல்நலம் சரியில்லாதவர்களுக்கு அது வீண் சிக்கல்.

---

தாம்பரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு நண்பர், முழு 40 ஐயும் எடுத்து அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 விழுக்காட்டுக்குப் போட்டுவிடு, முதல் அப்படியே இருக்கும், வட்டி பாட்டுக்கு வரும் என்கிறார். இது சரியா? என் மனைவியோ, மாதம் வருவதில் கை வைக்காதீர்கள், மொத்தமாக வரும் பணம் இந்த வீட்டில் ஓராண்டு கூடத் தங்காது என்கிறாள். முப்பது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறாள், மறுக்க முடியவில்லை.

---

கணக்குப் பிரிவு அம்மா எழுதியது:

நண்பர் சொன்னதைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரத்தின் மடங்காகத்தான் போட முடியும் என்பதால் 13,76,000. அதற்கு 8.2 விழுக்காட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூ. 28,208, மாதக் கணக்கில் ஏறத்தாழ 9,400. விட்டுக்கொடுப்பதோ 14,000. ஆக, மாதம் 4,600 கையைக் கடிக்கும். பதிலுக்கு 15 ஆண்டு கழித்து 13,76,000 முதலாக நிற்கும். அந்த 4,600 ஐ விட்டுக்கொடுக்காமல் மாதாமாதம் இதே வட்டியில் சேர்த்தால் 15 ஆண்டில் 16 லட்சத்தைத் தாண்டும். 9 விழுக்காட்டுக்கு வாங்கி 8.2 க்குப் போடுகிற வேலை இது. வட்டி விகிதம் 15 ஆண்டும் இப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஐந்தாண்டு முடிந்து வைப்பை நீட்டிக்கும்போது அன்றைய விகிதம்தான். இறந்தால் தவணை நின்றுவிடும் என்ற பாதுகாப்புக்காக மட்டும் அந்த விலையைக் கொடுக்கலாம் என்று நினைப்பவர் செய்யட்டும். வெறும் வட்டிக்காகச் செய்வதில் பொருளில்லை.

ஆனால் உங்கள் தனிநபர் கடன் வேறு விஷயம். 13 விழுக்காட்டுக் கடனை 9 விழுக்காட்டுப் பணத்தால் அடைப்பது சரியான வேலை. அதற்கு 40 எதற்கு? 15 என்று எழுதினால் போதும்.

```
35,000 × 15% = 5,250
5,250 × 12 × 8.194 = 5,16,222
```

கடன் அடைந்து கையில் 16,000 சொச்சம் மிஞ்சும். அடிப்படை ஓய்வூதியம் 29,750 ஆக நிற்கும். முழு 35,000 க்கான நிவாரணமும் சேர்ந்து அதே 58 விழுக்காட்டுக் கணக்கில் மாதம் 50,050. கட்டிக்கொண்டிருந்த மாதத் தவணையும் நின்றுவிடும் என்பதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், ஒருவேளை சம்மதிப்பார்.

---

நெல்லைவாசி எழுதியது:

அம்மா சொல்லும் 9 விழுக்காட்டையே வைத்துக் கேட்கிறேன். அட்டவணை 8 விழுக்காட்டு வட்டியில் போடப்பட்டது என்கிறார்கள். 8 விழுக்காடு என்றால் பணம் 15 ஆண்டுக்கு முன்பே வசூலாகிவிட வேண்டுமே? ஐந்தாவது ஊதியக்குழுவே 12 ஆண்டில் திருப்பிக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் 12 ஆண்டில் கொடுக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் 15?

---

கணக்குப் பிரிவு அம்மா எழுதியது:

இது நியாயமான கேள்வி. 8 விழுக்காட்டில் கணக்கிட்டால் 13 ஆண்டு அல்லது அதற்குச் சற்று மேல் ஆகும்போது வசூல் முடிந்துவிடுகிறது. சிலர் சொல்வது போல 11 ஆண்டில் முடிவதில்லை. அதற்கு மேல் பிடிக்கும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுத் தொகை, முன்னதாகவே இறந்துபோனவர்களிடம் வசூலாகாமல் நின்ற பணத்தை ஈடுகட்டுவதற்கு என்பதுதான் வாதம். உச்ச நீதிமன்றம் 1986 இல் காமன் காஸ் வழக்கில் 15 ஆண்டு என்பதை ஏற்றுக்கொண்டதன் அடிப்படையிலேயே இன்றைய விதி நிற்கிறது. பஞ்சாப், அரியானா உயர் நீதிமன்றத்தில் ஏராளமானோர் காலத்தைக் குறைக்கக் கோரித் தொடுத்த மனுக்கள் 2024 நவம்பரில் தள்ளுபடி ஆயின.

என் சொந்தக் கருத்து, 1986 ஐ விட மக்கள் இப்போது நீண்ட நாள் வாழ்வதால் அந்த இரண்டு ஆண்டுக் கூடுதலை மறுபடி கணக்கிட வேண்டும் என்பதே. ஊழியர் தரப்பின் 12 ஆண்டுக் கோரிக்கை அப்படியேதான் நிலுவையில் இருக்கிறது. அது வரும் என்று நம்பிக்கொண்டு யாரும் இன்று 40 என்று எழுத வேண்டாம்.

---

நெல்லைவாசி எழுதியது:

ஈடுகட்டுவதற்கு என்றால், வளர்மதி அம்மாவின் கணவர் கட்டாமல் விட்ட தவணையை நான் கட்டுகிறேன் என்று பொருள். அப்படிச் சொன்னால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எத்தனை பேர் முன்னதாக இறந்தார்கள், எவ்வளவு ஈடுகட்டப்பட்டது என்ற கணக்கை ஒருமுறையாவது வெளியிட வேண்டாமா?

---

தாம்பரத்தான் எழுதியது:

15 என்று எழுதி இன்று காலை படிவத்தைக் கொடுத்துவிட்டேன். பிரிவு எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், 40 க்குப் பதில் தவறாக எழுதிவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பேசிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. எட்டாவது ஊதியக்குழு வந்து ஓய்வூதியம் உயர்ந்தால், உயர்ந்த தொகையில் மறுபடியும் தொகுத்துப் பெற வாய்ப்புண்டா?

---

கணக்குப் பிரிவு அம்மா எழுதியது:

அடுத்த முறை என்ன ஆணை வரும் என்பதை ஆணை வந்த பிறகுதான் சொல்ல முடியும். சென்ற முறை 2016 ஜனவரி 1 க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு உயர்ந்த பகுதியில் தொகுக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2010 ஐயாவின் கணக்கே அதற்குச் சான்று. நீங்கள் 2025 நவம்பரில் ஓய்வு பெறுகிறீர்கள். ஆகவே இந்த 15 தான் கடைசி என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஓய்வூதிய ஆணை கைக்கு வந்ததும் அதில் 5,250 என்ற தொகையும் குறைவு தொடங்கும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு நகலை உங்கள் மனைவியிடம் கொடுத்து வையுங்கள்.